பி, ஐ, என் சேர்ந்தால் ஏன் ‘பின்’ வருவதில்லை?

கேள்வி: என் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் ஃபோனிக்ஸ் முறையாம். ஏ, பி, சி, டி சொல்லச் சொன்னால் பாதியில் நிற்கிறாள். ஆனால் ‘ஸ்ஸ்’, ‘ட்’, ‘ப்’ என்று எந்நேரமும் வாயில் சத்தம் எழுப்பிக்கொண்டே இருக்கிறாள். நான் ‘பி, ஐ, என் – பின்’ என்று சொல்லிக்கொடுத்தால், ‘மிஸ் அப்படிச் சொல்லல’ என்று அழுகிறாள். நானும் என் கணவரும் தமிழ்வழியில் படித்தவர்கள். ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்துதான் ஆங்கிலம் படித்தோம். எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது? வீட்டில் நாங்கள் சொல்லிக்கொடுக்கலாமா, கூடாதா?
– ஒரு அம்மா, கரூர்

பதில்: கணவரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதலில் ஒரு ஐந்து நிமிட விளையாட்டு. பெற்றோர் கூட்டங்களில் நான் மணிக்கணக்கில் விளக்கிப் புரியாதது, இந்த விளையாட்டில் புரிந்திருக்கிறது.

நீங்கள் இதுவரை பார்த்திராத ஒரு மொழியின் எழுத்துகள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சொற்கள்:

△○□○△ – மரம்
△○☆○□ – மலர்
◇○☆○△ – பலம்

நீங்கள் ஆங்கிலம் படித்த மாதிரியே இதையும் படியுங்கள். எழுத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, கடைசியில் சொல்லைச் சொல்ல வேண்டும். “முக்கோணம், வட்டம், சதுரம், வட்டம், முக்கோணம் – மரம். முக்கோணம், வட்டம், நட்சத்திரம், வட்டம், சதுரம் – மலர். சாய்சதுரம், வட்டம், நட்சத்திரம், வட்டம், முக்கோணம் – பலம்.” பத்துத் தடவை ராகம் போட்டுச் சொல்லுங்கள். மனப்பாடம் ஆகிவிடும். பரீட்சை வைத்தால் மூன்றுக்கும் முழு மதிப்பெண்.

சரி, இப்போது இதைப் படியுங்கள்:

◇○☆○□

“சாய்சதுரம், வட்டம், நட்சத்திரம், வட்டம், சதுரம்…” அப்புறம்? பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, ஒன்றும் மறக்கவில்லை. ஆனாலும் சொல் வரவில்லை. யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால்தான் உண்டு.

இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன். பெயர்களை மறந்துவிடுங்கள். முக்கோணத்தைப் பார்த்தால் ‘ம்’. வட்டம் ‘அ’. சதுரம் ‘ர்’. நட்சத்திரம் ‘ல்’. சாய்சதுரம் ‘ப்’. அவ்வளவுதான். மறுபடி அதே சொல்லைப் பாருங்கள்: ப்–அ–ல்–அ–ர். பலர். யாரும் சொல்லித்தரவில்லை, நீங்களே படித்துவிட்டீர்கள். இன்னொன்று: ○□○△. அ–ர்–அ–ம். அரம். இன்னும் ஒன்று: □○△○☆. ‘ரமல்’. அப்படி ஒரு சொல்லே கிடையாது, ஆனாலும் படித்துவிட்டீர்கள் பாருங்கள்.

முதலில் செய்தது நாம் படித்த முறை. அடுத்தது உங்கள் மகள் பள்ளியில் செய்வது. ஆங்கிலத்தில் ‘பி’, ‘ஐ’, ‘என்’ என்பவை நம் விளையாட்டின் ‘சாய்சதுரம்’, ‘வட்டம்’ மாதிரி வெறும் பெயர்கள். ‘பி’, ‘ஐ’, ‘என்’ மூன்றையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘பியையென்’ என்றுதான் வரும், குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ வராது. ‘ப்–இ–ன்’ என்று சேர்த்தால் வரும். உங்கள் மகள் அழுததற்குக் காரணம் இவ்வளவுதான். அவளுக்கு அந்த எழுத்து ‘இ’ என்று சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் ‘ஐ’ என்கிறீர்கள்.

நமக்கு இந்தக் குழப்பம் ஏன் தெரியாமல் போனது என்றால், தமிழில் எழுத்தைக் கூப்பிடுவதும் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பில் ‘ப, ட, ம் – படம்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தோம். கூட்டினால் சொல் வந்தது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தையும் கூட்டினோம். அங்கே கூட்டினால் வராது என்பதால், கடைசியில் ஆசிரியர் ‘பின்’ என்று சொன்னதைக் கேட்டு ஒப்பித்தோம். எழுத்துக்கூட்டியதாக நினைத்துக்கொண்டோம், அவ்வளவே. ஃபோனிக்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது நம் பழைய எழுத்துக்கூட்டிப் படித்தல்தான். ஆங்கில எழுத்தின் பெயரை விட்டு ஒலியைக் கூட்டுகிறார்கள்.

‘எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது’ என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விளையாட்டில் நீங்களோ உங்கள் கணவரோ, நான் ஒலிகளைச் சொல்வதற்கு முன்பே ‘பலர்’ என்று கண்டுபிடித்திருக்கலாம். மரத்துக்கும் மலருக்கும் முதலில் முக்கோணம் வருகிறது, அப்படியென்றால் அது ‘ம’ சத்தம் என்று மூளை தானாகவே ஊகித்திருக்கும். நீங்கள் சிறுவயதில் ஆங்கிலத்துக்குச் செய்ததும் அதைத்தான். நூறு ஸ்பெல்லிங்கை ஒப்பித்த பிறகு, எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டீர்கள். அதனால்தான் இன்று பார்த்திராத மருந்துப் பெயரைக்கூடப் படிக்கிறீர்கள். ஆனால் உங்கள் வகுப்பில் அப்படிப் பிடிக்க முடியாத பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ‘இங்கிலீஷ் வராது’ என்று கடைசி பெஞ்சுக்குப் போனவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஊகித்ததை அவர்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பழைய முறை என்பது பாதி வேலையைப் பிள்ளையின் ஊகத்துக்கு விட்டுவிட்ட முறை. புது முறையில் அந்த ஊகத்துக்கு வேலை இல்லை, எல்லாவற்றையும் நேராகவே சொல்லிவிடுகிறார்கள்.

எழுத்தின் பெயர் எந்த அளவுக்குக் காலை வாரும் என்பதற்கு ஒரு சின்ன வேடிக்கை. ‘எம்’, ‘என்’, ‘எல்’ ஆகியவற்றில் ஒலி பெயரின் கடைசியில் ஒளிந்திருக்கிறது. ‘பி’, ‘டி’யில் முதலில் இருக்கிறது. ‘எச்’ என்ற பெயரில் ‘ஹ்’ ஒலியே இல்லை. ‘டபிள்யூ’வில் ‘வ்’ எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே, தாமாக எழுதிப் பழகும்போது, ஈரத்தைக் குறிக்கும் ‘வெட்’ என்ற சொல்லை ‘ஒய்’ எழுத்தில் தொடங்குவதுண்டு. அவர்கள் வாயில் அந்த எழுத்தின் பெயர் ‘வை’. பெயரை நம்பியதால் வந்த தப்பு.

வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் தமிழ் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒலியைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலானவர்கள் ‘ப’, ‘ட’, ‘ஸ’ என்கிறார்கள். சில பள்ளிகளிலும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். நம் விளையாட்டுக்கே திரும்பப் போய், முக்கோணத்துக்கு ‘ம’, சதுரத்துக்கு ‘ர’ என்று வைத்துக்கொண்டு ‘மரம்’ படித்துப் பாருங்கள். ‘ம–அ–ர–அ–ம’. மரம் எங்கே போனது? ஒவ்வொரு மெய்யோடும் ஓர் ‘அ’ ஒட்டிக்கொண்டு, சொல் உடைந்துவிட்டது. ‘பின்’ என்பதை ‘ப–இ–ன’ என்று சொல்லும் பிள்ளைக்கு ‘பஇன’ என்றுதான் கேட்கும். அவள் மக்கு என்று நாம் நினைப்போம். தப்பு நம் வாயில்.

இதில் ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அந்த ஒட்டிக்கொள்ளும் ‘அ’வை அவர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. நமக்குப் புள்ளி இருக்கிறது. ‘ம’ வேண்டாம், ‘ம்’ சொல்லுங்கள் என்றால் போதும், வேலை முடிந்தது. ஆனால் இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ‘க், ங், ச்’ என்பதை வகுப்பில் ‘இக், இங், இச்’ என்று ராகம் போட்டோமே, அந்த முன்னால் வரும் ‘இ’யும் இங்கே கூடாது. ‘இப்–இ–இன்’ என்று கூட்டினால் அதுவும் ‘பின்’ ஆகாது. ‘ஸ்’, ‘ம்’, ‘ன்’ போன்றவற்றை இழுத்து நீட்டலாம். ‘ப்’, ‘ட்’ இரண்டையும் நீட்ட முடியாது. காதில் ரகசியம் சொல்வதுபோல மெல்ல, சுருக்கென்று சொல்லி நிறுத்துங்கள்.

இதனால்தான் கூட்டிப் பழகும்போது முதலில் நீட்டக்கூடிய ஒலியில் தொடங்கும் சொற்களைக் கொடுக்கச் சொல்வேன். ‘ஸ்ஸ்ஸ்–இ–ட்’ என்பதில் ‘ஸ்’ ஒலி நிற்காமல் அப்படியே ‘இ’க்குள் ஓடிவிடும். விரலை எழுத்துகளின் கீழே நகர்த்திக்கொண்டே, இடையில் மூச்சு விடாமல் சொல்ல வைத்தால் ‘ஸிட்’ தானாக வந்து விழும். ‘பின்’, ‘டின்’, ‘டிப்’ எல்லாம் அதற்குப் பிறகு. பள்ளியில் எஸ், ஏ, ‘டின்’னில் வரும் டி, ‘பின்’னில் வரும் பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்கியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இங்கிலாந்தில் பல பாடத்திட்டங்கள் இந்த ஆறில்தான் தொடங்குகின்றன. ஏ, பி, சி வரிசையில் முதல் ஆறைக் கற்றால் கூட்டிப் படிக்கச் சொற்கள் குறைவு. இந்த ஆறைக் கற்றால் இருபது சொற்களுக்குமேல் உடனே படித்துவிடலாம். மகள் ஏ, பி, சி, டியைப் பாதியில் விடுகிறாள் என்ற கவலைக்கும் இதுதான் பதில். அவள் அந்த வரிசையில் கற்கவில்லை.

இந்த ஆறில் ‘ஏ’ எழுத்து மட்டும் கொஞ்சம் தகராறு செய்யும். உட்கார்ந்ததைக் குறிக்கும் ‘ஸாட்’, தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் ‘டாப்’ போன்ற சொற்களில் அதன் ஒலி நம் ‘ஆ’வும் இல்லை, ‘ஏ’வும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. ‘பேங்க்’ என்று சிலரும் ‘பாங்க்’ என்று சிலரும் தமிழில் எழுதுவது அதனால்தான். தமிழில் எழுதிக் காட்ட முடியாது, வாயை அகல விரித்துச் சொல்லிக் காட்ட வேண்டும். அதுபோல, பேனாவைக் குறிக்கும் ‘பென்’னில் வரும் பி, பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்பதில் வரும் பி, இரண்டையும் தமிழில் ஒரே ‘ப’வில்தான் எழுதுகிறோம். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால், இரண்டாவதில் உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிரும். மகளுக்கு இது நல்ல விளையாட்டாக இருக்கும்.

அடுத்தது, பள்ளிகள் சொல்ல மறந்துவிடும் ஒன்று. லண்டனில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை ‘ட்–இ–ன்’ என்று கூட்டி ‘டின்’ என்றதும், ‘ஓ, அதுவா!’ என்று அதன் முகம் மலரும். சொல் ஏற்கெனவே அதன் காதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் ‘பின்’, ‘டின்’ தெரியும், ஆனால் குட்டித் தூக்கத்தைக் குறிக்கும் ‘நாப்’, ஒரு வாய் குடிப்பதைக் குறிக்கும் ‘ஸிப்’ தெரியாது. சரியாகவே கூட்டிவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்ப்பார்கள். ஒலியைக் கூட்டுவதற்குத்தான் ஃபோனிக்ஸ். பொருளை அது சொல்லித் தராது. அதனால் புதுச் சொல்லைப் படிக்கக் கொடுப்பதற்கு முன், அதைப் பேச்சில் கொடுத்துவிடுங்கள். டம்ளரில் தண்ணீர் கொடுத்து, ‘ஒரு ஸிப் குடி’ என்று இரண்டு நாள் சொல்லுங்கள். மூன்றாம் நாள் எழுதிக் காட்டுங்கள். அப்போது அந்த முகமலர்ச்சி இங்கேயும் வரும்.

ஒலியைக் கூட்டினால் எல்லா ஆங்கிலச் சொல்லும் வந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அங்கே எழுத்து 26, ஒலிகளோ சுமார் 44. ‘ஷ்’ போன்ற ஒலிக்கு எஸ், எச் என்று இரண்டு எழுத்து சேர வேண்டும். சில சொற்கள் எந்த விதிக்கும் அடங்காது. ஒன்று என்ற பொருளில் வரும் ‘வன்’ என்ற சொல்லை ஓ, என், ஈ என்று எழுதுகிறார்கள். அதில் ‘வ்’வுக்கு எழுத்தே இல்லை. இவற்றை நினைவில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அப்போதும் முழுச் சொல்லையும் படமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நடுவில் ‘ன்’ ஒழுங்காகத்தானே இருக்கிறது. ஒழுங்கில்லாத இடத்தை மட்டும் சுட்டிக்காட்டினால் போதும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ‘க’ எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது, நாம் யாரும் அதற்காகக் கலங்கியதில்லை.

அவள் உண்மையிலேயே படிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்னிடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். பாடத்தைச் சரளமாக வாசித்தான். அவன் அம்மாவுக்கு ஏகப் பெருமை. மட்டக்குதிரை படம் போட்ட ஒரு பக்கத்தைக் காட்டினேன். படத்தின் கீழே ‘போனி’ என்று இருந்தது. அவன் தயங்காமல் ‘ஹார்ஸ்’ என்றான். படத்தைக் கையால் மறைத்துக் கேட்டேன், வாயே திறக்கவில்லை. பழகிய பாடத்தில் கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிக் காட்டினேன், அங்கேயும் நின்றுவிட்டான். அவன் படித்தது படத்தையும் நினைவையும் வைத்துத்தான். எழுத்தை அவன் பார்க்கவே இல்லை. ஆறு எழுத்தில் ஆரம்பித்து, தினமும் பத்து நிமிடம் என்று உட்கார்ந்தோம். அவன் எழுத்தைப் பார்த்துப் படிக்க ஒரு பருவம் ஆனது.

இதற்கு நம்பகமான சோதனை பொருளே இல்லாத சொல். ‘நிப்’ நிஜச் சொல், ‘நிஸ்’, ‘ஸின்ட்’ அப்படி இல்லை. மனப்பாடத்தில் இருக்க வாய்ப்பே இல்லாததால், எழுத்தைப் பார்த்தால்தான் வரும். இங்கிலாந்தில் 2006-இல் கல்வியாளர் ஜிம் ரோஸ் தலைமையில் வெளிவந்த ஆய்வறிக்கை இந்த ஒலிக்கூட்டு முறையைப் பரிந்துரைத்தது. 2012 முதல் அங்கே ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். மொத்தம் 40 சொற்கள், அதில் 20 பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லின் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரக உருவத்தை வரைந்துவைப்பார்கள், ‘இது அந்த ஆளின் பெயர்’ என்று. நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரு பூதத்தை வரைந்து, ‘இதற்கு என்ன பெயர், படிச்சுச் சொல்லு’ என்று கேளுங்கள். மூன்றெழுத்துப் பெயர் ஐந்தில் நான்கைச் சொல்லிவிட்டால், உங்கள் மகள் அழகாகப் படிக்கிறாள் என்று அர்த்தம்.

எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது பாவம் ஒன்றும் இல்லை. அகராதி பார்க்க, பெயரை ஸ்பெல் பண்ணிச் சொல்ல, அது வேண்டும். அவள் மூன்றெழுத்துச் சொற்களைத் தயங்காமல் கூட்டும்வரை கொஞ்சம் பொறுங்கள். அதுவரை படிக்கும் நேரத்தில் ‘பி, ஐ, என்’ வேண்டாம். இன்று மாலை அவளிடம், ‘மிஸ் எப்படிச் சொன்னாங்க, எனக்குச் சொல்லிக்கொடு’ என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும் சத்தத்தை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து ‘ப’ வந்தால் அவளே திருத்துவாள்.

ஒன்றாம் வகுப்பு பாதி தாண்டியும் கூட்ட வரவில்லை என்றால், எழுத்தே இல்லாமல் வாயால் மட்டும் சோதித்துப் பாருங்கள். ‘கடையில போய் ஸ்–ஓ–ப் வாங்கிட்டு வா’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘ஸோப்’ என்று புரிந்துகொண்டால், அவளுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சிதான். அதுவும் புரியவில்லை என்றால், தமிழ்ச் சொல்லில் செய்யுங்கள்: ‘ப்–ஆ–ல் குடிச்சியா?’ அதுவும் பிடிபடாமல், கூடவே டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் மந்தமாவது இந்த வயதில் சகஜம்.